எதிர்மறை வினாக்களில் ‘ஆமாம்’, ‘இல்லை’: தமிழ் – ஆங்கில விடைமுறை ஒப்பீடு

தமிழின் ‘ஆமாம்’, ஆங்கிலத்தின் ‘யெஸ்’ ஆகிய இரண்டும் நிகரானவை என்பது பொதுவான கருத்து. உடன்பாட்டு வினாவில் இக்கருத்து பொருந்துகிறது. எதிர்மறை வினாவில் இவ்விரு சொற்களும் நேர்மாறான செய்தியைத் தருகின்றன.

குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சியிடம், “நீங்கள் அன்று திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகவில்லை, அல்லவா?” என்று வினவப்படுவதாகக் கொள்வோம். சாட்சி “ஆமாம்” என்கிறார். தமிழறிந்தோர்க்கு அவர் போகவில்லை என்பதே பொருள். அவ்விடை ‘யெஸ்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் பதிவானால், அவர் ஸ்ரீரங்கம் போனதாகவே படிப்பவர் கொள்வர். ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பால் சாட்சியம் தலைகீழாகிவிடுகிறது.

இதற்குக் காரணம் விடையின் அளவுகோல் வேறுபடுவதே. ‘ஆமாம்’ என்பதன் அடிப்படையான ‘ஆம்’, ‘ஆகும்’ என்னும் பொருளது. வினவியவர் கருதியது சரி என்பதை அது உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் வினவியவரின் கருத்து கணக்கில் கொள்ளப்படுவதில்லை. விடைத்தொடர் உடன்பாடாயின் ‘யெஸ்’, எதிர்மறையாயின் ‘நோ’ வரும். ஆகவே ‘போகவில்லை’ என்பதற்கு அங்கு ‘நோ’ என்பதே உரியது. இந்திய ஆங்கிலத்தில் ‘யெஸ், ஐ டிட்ன்ட் கோ’ எனக் கேட்கப்படுவது தமிழ் போன்ற இந்திய மொழிகளின் விடைமுறை ஆங்கிலச் சொற்களில் வெளிப்படுவதாகும்.

வாக்கியத்தின் இறுதியில் வரும் ‘அல்லவா’, ‘இல்லையா’ என்பன எதிர்மறை வடிவின ஆயினும் விடையை மாற்றுவதில்லை. “நீங்கள் போனீர்கள், இல்லையா?” என்னும் வினாவுக்கு ‘ஆமாம்’, ‘யெஸ்’ ஆகிய இரண்டும் போனதையே குறிக்கின்றன. முதன்மைத் தொடர் எதிர்மறையாகும்போதே விடைகள் பிரிகின்றன. ஆங்கிலத்தில் இவ்விறுதி வினா முதன்மைத் தொடருக்கேற்ப ‘டிட்ன்ட் யூ’, ‘டிட் யூ’ என மாறும். தமிழ் போன்ற இந்திய மொழிகளில் மாறாது நிற்பதன் தாக்கமே இந்திய ஆங்கிலத்தின் பொதுவான ‘இஸின்ட் இட்’.

எனினும் தமிழ் விடைமுறை முற்றிலும் ஒருதன்மையது அன்று. “போகவில்லையா?” என்பதற்குத் தனித்து வரும் ‘இல்லை’ இருபொருள் தரக்கூடியது. அது ‘போகவில்லை’ என்பதன் இறுதியுறுப்பைத் திரும்பக் கூறுவதாகலாம். வினவியவரின் கருத்தை மறுத்து, ‘போனேன்’ என்று தொடர்வதற்கான தொடக்கமாகவும் அமையலாம். பேச்சில் “இல்லை, போகவில்லை”, “இல்லை, போனேன்” என இரண்டும் இயல்பாக வழங்குகின்றன. பொருளை உறுதிசெய்வது பின்வரும் வினைமுற்றே.

எனவே மொழிபெயர்ப்பாளர் விடைச்சொல்லைப் பெயர்க்காமல் விடைத்தொடரைப் பெயர்க்க வேண்டும். மேற்கண்ட சாட்சியின் ‘ஆமாம்’, ‘நோ, ஐ டிட் நாட் கோ’ என்றாதல் வேண்டும். விடை ‘இல்லை’ என்று மட்டும் நின்றால், “போனீர்களா?” என்னும் உடன்பாட்டு வினாவாக மீண்டும் கேட்பதே பொருள் மயக்கத்தை நீக்கும் வழி, அவ்வினாவுக்கு இரு மொழிகளிலும் விடை ஒன்றுபடும்.