எவ்வளவு, எப்போது, எப்படி நிறுத்துவது?

"அன்பு வாடிக்கையாளரே, உங்கள் சேவை விரைவில் தானாகப் புதுப்பிக்கப்படும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை." சொந்தமாக இணையதளம் வைத்திருக்கும் ஜவுளிக்கடைக்காரரோ டியூஷன் சென்டர் நடத்துபவரோ இப்படி ஒரு மின்னஞ்சலைப் பார்த்திருப்பார்கள். எந்தச் சேவை, எவ்வளவு பணம், என்றைக்கு, வேண்டாமென்றால் என்ன செய்வது என்று எதையும் அது சொல்வதில்லை. பதினைந்து நாள் கழித்து வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த பிறகுதான் விஷயம் புரிகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். example.com என்ற டொமைனை ஒருவர் முதல் ஆண்டு சலுகையில் 200 ரூபாய்க்கு வாங்குகிறார். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 236 ரூபாய். இரண்டாம் ஆண்டு சலுகை கிடையாது. விலை 1,300, வரியோடு 1,534. அவர் மனதில் இருப்பது 236தான். அதனால் நினைவூட்டலில் வரி சேர்த்த முழுத் தொகையையும், பக்கத்திலேயே போன ஆண்டு கட்டிய தொகையையும் போட வேண்டும். "1,300 + வரி" என்று எழுதுவது போதாது. கணக்கிலிருந்து போகப்போகிற அதே எண்தான் கண்ணில் பட வேண்டும்.

தேதியில்தான் பெரிய சிக்கல். டொமைன் காலாவதியாவது டிசம்பர் 5 என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பல நிறுவனங்கள் அதற்குச் சில நாள் முன்பே பணத்தை எடுத்துவிடும். நம் கணக்கில் அது நவம்பர் 20. மின்னஞ்சலில் டிசம்பர் 5 மட்டும் இருந்தால், டிசம்பர் பிறந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருப்பவர் ஏமாந்துபோவார்.

டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி 2013 முதல் நடப்பில் இருக்கிறது. .com போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று என இரண்டு நினைவூட்டல்களாவது அனுப்பியாக வேண்டும். புதுப்பிக்காவிட்டால், காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொன்று. பெயரை இழந்துவிடக்கூடாது என்ற அக்கறையில் வந்த விதி இது. பணப்பிடித்தத்தை மனதில் வைத்து எழுதியதல்ல. நம் கணக்கில் இரண்டாவது கடிதம் நவம்பர் 28 அன்று வரும். பணம் போய் எட்டு நாள் ஆகியிருக்கும். ஆகவே, பிடித்தம் நடக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, நவம்பர் 13 வாக்கில் தனியாக ஒரு கடிதம் அனுப்புவதே சரி.

இந்தியாவில் வங்கியும் சொல்லுமே என்று கேட்கலாம். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, இ-மேண்டேட் முறையில் தானாகப் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தொகை, தேதி, நிறுவனப் பெயரோடு அறிவிப்பு வர வேண்டும். அந்தப் பிடித்தத்திலிருந்து விலகிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் இணையதளத்தை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று யோசிக்க ஒரு நாள் போதாது.

அடுத்து, நிறுத்தும் வழி. தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துவது வேறு, சேவையையே ரத்து செய்வது வேறு. இரண்டையும் ஒரே பொத்தானில் குழப்பிவைத்தால், இன்றே தளம் போய்விடும் என்று பயந்து எதையும் தொடாமல் விட்டுவிடுவார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கடிதமே சொல்லிவிட வேண்டும். இப்படி எழுதலாம்:

> தலைப்பு: example.com – நவம்பர் 20 அன்று ரூ.1,534 பிடிக்கப்படும்
>
> டொமைன் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்படும். போன ஆண்டு கட்டியது ரூ.236 (சலுகை விலை). 4417 என்று முடியும் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும்.
>
> வேண்டாமென்றால் நவம்பர் 19 இரவு 11.59க்குள் உங்கள் கணக்கில் நுழைந்து, 'என் டொமைன்கள்' பக்கத்தில் 'தானியங்கிப் புதுப்பித்தல்' என்பதை அணைத்துவிடுங்கள். டிசம்பர் 5 வரை தளமும் மின்னஞ்சலும் வழக்கம்போல் இயங்கும். அதற்குள் நீங்களாகப் புதுப்பிக்காவிட்டால் அவை நின்றுபோகலாம். பெயரை மீட்கக் கூடுதல் கட்டணம் ஆகலாம்.

தொகையும் தேதியும் தலைப்பிலேயே இருப்பதற்குக் காரணம் உண்டு. கைபேசியில் மின்னஞ்சலைத் திறக்காமலே பலரும் தள்ளிவிடுகிறார்கள். தலைப்பாவது கண்ணில் படும். "கணக்கில் நுழைந்து" என்று வழி சொல்வதும் யோசித்துச் செய்ததுதான். டொமைன் புதுப்பித்தல் என்ற பெயரில் போலிக் கடிதங்கள் நிறைய உலவுகின்றன. இணைப்பைத் தொடாமலே வேலை முடியும் என்றால், வாடிக்கையாளர் அந்த வலையில் விழ வாய்ப்பு குறைவு.

கடிதம் எந்த முகவரிக்குப் போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். info@example.com என்று அதே டொமைனில் உள்ள முகவரி மட்டும் பதிவாகியிருந்தால், டொமைன் காலாவதியானதும் அந்த முகவரியும் செத்துவிடும். ஐந்து நாளுக்குள் வர வேண்டிய கடைசி எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேராது. வேறொரு முகவரியையும் கைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிவைப்பது நிறுவனத்தின் வேலை.

வாடிக்கையாளர் நிறுத்திய உடனே உறுதிக் கடிதமும் போக வேண்டும்: "example.com தானியங்கிப் புதுப்பித்தல் நிறுத்தப்பட்டது. நவம்பர் 20 அன்று பணம் எடுக்கப்படாது. டிசம்பர் 5 வரை தளம் இயங்கும்."