டியூட்டி மாற்றிக்கொள்ளலாமா?

செமஸ்டர் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு கல்லூரி ஆசிரியர் அறையில் ஒரு சர்க்குலர் ஒட்டப்படும். தேதி, எஃப்என் அல்லது ஏஎன், பெயர், வந்து சேர வேண்டிய நேரம் ஆகியவை மேலே கட்டம் கட்டமாக இருக்கும். கீழே சிறிய எழுத்தில் நாலைந்து விதிகள் இருக்கும். எல்லோரும் தங்கள் பெயருக்கு எதிரே உள்ள தேதிகளைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தகராறு பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்தில்தான் பிறக்கிறது.

பட்டியல் எப்படித் தயாராகிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு வேளைக்கு 420 மாணவர்கள் எழுதுகிறார்கள், ஹாலுக்கு 25 பேர் என்றால் 17 ஹால் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருவர், இடையில் தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போகிறவர்களை விடுவிக்க மூவர், யாராவது வராமல் போனால் அனுப்ப இருவர் என மொத்தம் 22 பேர். காலை, மாலை இரண்டு வேளையும் இதே கணக்கில் 12 நாள் நடந்தால் 528 டியூட்டி. ஆசிரியர்கள் 66 பேர் என்றால் தலைக்கு எட்டு. இந்த எட்டைப் பிரிக்கும்போது தேர்வுப் பிரிவு பார்க்கும் முக்கியமான விஷயம், எந்த ஆசிரியரும் தன் பாடத் தேர்வு நடக்கும் வேளையில் ஹாலில் இருக்கக் கூடாது என்பதுதான். கணக்குத் தாள் நடக்கும் அறையில் கணக்கு வாத்தியார் நின்றால், அவர் வாயே திறக்காவிட்டாலும் சந்தேகம் வரும்.

ஹால் எண்ணைச் சில கல்லூரிகள் சர்க்குலரிலேயே அச்சிட்டுவிடுகின்றன. அது சரியான வழக்கமாக எனக்குப் படவில்லை. எந்த ஹாலில் யார் நிற்பார் என்பது ஒரு வாரம் முன்பே தெரிந்தால், தெரிந்துகொள்ள வேண்டாதவர்களுக்கும் தெரிந்துவிடும். தேர்வு நாள் காலையில் சீட்டு எடுப்பதே நல்லது. பத்து மணித் தேர்வுக்கு ஒன்பதரைக்கே வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கையெழுத்துப் போட்டு, சீட்டு எடுத்து, விடைத்தாள் கட்டை எண்ணி வாங்கி, வருகைத்தாளோடு ஹாலுக்குப் போகவே கால் மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் மாணவர்களை உள்ளே விட்டு, ஹால் டிக்கெட் பார்த்து, பதிவெண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஒன்பது ஐம்பதுக்கு வருபவரால் இதில் பாதியைத்தான் செய்ய முடியும்.

இனி மாற்றுக்கு வருவோம். இயற்பியல் ஆசிரியை ஒருவருக்குச் செவ்வாய் காலை டியூட்டி. அன்று வீட்டில் விசேஷம். வணிகவியல் ஆசிரியரிடம் போகிறார். "சார், செவ்வாய்க்கிழமை எஃப்என் நீங்க பார்த்துக்கிறீங்களா? உங்க வியாழக்கிழமை ஏஎன்னுக்கு நான் போறேன்." அவரும், "சரிங்க மேடம், அதுக்கென்ன" என்கிறார். செவ்வாய் நல்லபடியாகக் கழிகிறது. வியாழன் மதியம் இரண்டு மணித் தேர்வுக்கு ஒன்றரை மணிக்கு ஆசிரியை வந்து நின்றபோதுதான் தெரிகிறது, அந்த வேளையில் கணிதத்துறை மாணவர்களுக்குத் துணைப்பாடமாக இயற்பியல் தாள். அவரை ஹாலுக்கு அனுப்ப முடியாது. பட்டியலில் பெயர் உள்ள வணிகவியல் ஆசிரியரோ வீட்டுக்குப் போய்விட்டார். காத்திருப்பில் உள்ள இருவரில் ஒருவரை அனுப்பிச் சமாளிக்கிறார்கள். அன்று இன்னும் இருவர் வராமல் போயிருந்தால் ஒரு ஹால் ஆளில்லாமல் கிடந்திருக்கும்.

இருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனால், யார் எந்தப் பாடம் என்ற கணக்கு தேர்வுப் பிரிவிடம்தான் இருக்கிறது. அதனால்தான் மாற்று அவர்கள் கை வழியாகப் போக வேண்டியிருக்கிறது. நல்ல சர்க்குலரில் வழிமுறை இப்படி இருக்கும்: இரண்டு டியூட்டியின் தேதியும் வேளையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, துறைத்தலைவர் வழியாக முந்தைய வேலைநாள் மதியத்துக்குள் சீட்டைக் கொடுக்க வேண்டும். தேர்வுப் பிரிவு ஒப்புக்கொண்டு பட்டியலில் திருத்தும் வரை டியூட்டி பழைய பெயரிலேயே நிற்கும். வாட்ஸ்அப் செய்தி கணக்கில் வராது.

வாய்ப்பேச்சு மாற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. விடைத்தாள் கட்டின் உறையில் ஹாலில் நின்றவர்தான் கையெழுத்திடுகிறார். பிறகு ஒரு தாள் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் ஒரு பெயர், உறையில் வேறு கையெழுத்து. விளக்கம் கேட்டு மெமோ இருவருக்கும் வரும். டியூட்டிக்கான தொகையைப் பட்டியலைப் பார்த்துப் போடும் இடங்களில் பணமும் தவறான ஆளுக்குப் போகும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வில் நிலைமை வேறு. ஓர் அறைக்கு 20 மாணவர்கள். ஆசிரியர்கள் வேறு பள்ளிக்கு அறைக் கண்காணிப்பாளர்களாகப் போகிறார்கள். நியமனம் கல்வித்துறை போடுவது என்பதால் ஆசிரியர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள இடமில்லை. உடம்பு முடியாவிட்டால் உடனே தெரிவித்து, துறை வேறு ஆளைப் போடும்படி கேட்பதுதான் வழி.

கல்லூரியில் அன்று காலையே காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். பதிலுக்கு ஆளைத் தேடி அலையாமல் எட்டரைக்குள் தேர்வுப் பிரிவுக்குப் போன் செய்தால் போதும். காத்திருப்புப் பட்டியலில் இருந்து அவர்களே அனுப்புவார்கள். விட்டுப்போன டியூட்டி பின்னால் ஒரு நாள் உங்கள் பெயரில் ஏறும்.