இணையும் முன் இணைப்பைப் படியுங்கள்

பலெர்மோவில் தமிழர் வாழ்க்கையின் பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. எண்பதுகளில் பெரும்பாலும் வட இலங்கையிலிருந்து வந்து சேரத் தொடங்கியவர்கள் இவர்கள். வீட்டு வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பதாந்தே வேலை, பல்லாரோ சந்தையை ஒட்டிய தெருக்களில் சிறு கடைகள் என்று காலூன்றினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி சாந்தா ரோசாலியாவின் குகைக் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் கத்தோலிக்கரோடு சைவர்களும் நடப்பார்கள். மலையேற எத்தனை மணிக்குக் கூடுவது, பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க என்ன தாள் வேண்டும், எந்தத் தெருவில் அறை காலி, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு இந்த ஞாயிறு உண்டா? எல்லாமே யாரோ அனுப்பும் ஒரு இணைப்பாக வருகிறது. தட்டினால் உள்ளே போய்விடலாம். உள்ளே போகும்போது நம் கைப்பேசி எண் யார் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் அந்த இணைப்பு உரக்கச் சொல்வதில்லை.

ஆனால் மெதுவாகச் சொல்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு பதாந்தே அக்காவைக் கற்பனை செய்துகொள்வோம். ஞாயிறு பிற்பகல், வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம். மூன்று பேர் மூன்று இணைப்புகளை அனுப்பியிருக்கிறார்கள். முதலாவது whatsapp.com/channel/ என்று தொடங்குகிறது. இரண்டாவது chat.whatsapp.com/ என்று தொடங்குகிறது. மூன்றாவது wa.me/39 என்று தொடங்கி ஓர் இத்தாலிய எண்ணோடு முடிகிறது. பார்வைக்கு மூன்றும் ஒரே நீல எழுத்துதான்.

முதலாவது சேனல். 2023 ஜூனில் கொலம்பியாவிலும் சிங்கப்பூரிலும் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் உலகின் பெரும்பகுதிக்கும் வாட்ஸ்அப் திறந்துவிட்ட வசதி இது. இத்தாலிய மொழியில் வைத்திருக்கும் கைப்பேசியில் Aggiornamenti என்ற பக்கத்தின் கீழ் Canali என்று இருக்கும். அக்கா Segui என்பதைத் தட்டிப் பின்தொடர்ந்தால், அவருடைய எண் மற்றப் பின்தொடர்வோருக்குத் தெரியாது. சேனலை நடத்துபவருக்கும் தெரியாது. அவர் ஏற்கெனவே அக்காவின் எண்ணைத் தன் தொடர்புகளில் சேமித்து வைத்திருந்தால் மட்டும் அடையாளம் காண முடியும். நடத்துபவரின் எண்ணும் அக்காவுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் திரை.

ஒரு செய்தியைப் படிக்க மட்டுமே வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் சேனலில் வருபவை பொதுச் செய்திகள். தனி அரட்டைக்கு இருப்பதுபோல் இரு முனைக்கும் இடையே பூட்டிய பாதுகாப்பு அதற்கு இல்லை. 30 நாளுக்கு மேல் பழைய பதிவுகளை நிறுவனம் தன் கணினிகளில் வைத்திருப்பதும் இல்லை. நீங்கள் எதைப் பின்தொடர்கிறீர்கள் என்பது அந்நியருக்குத் தெரியாதே தவிர, நிறுவனத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது இணைப்பை இப்போதே முடித்துவிடலாம். wa.me என்பது ஒருவரோடு நேராகப் பேசும் வாசல். திறந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. "அறை இன்னும் இருக்கிறதா அண்ணா?" என்று அனுப்பிய கணத்தில் எண் போய்விட்டது. அறை தேடுபவருக்கு அது தவிர்க்க முடியாததுதான். ஆனால் நல்ல சேனல் ஒன்றின் நடுவே "மேலும் விவரத்துக்கு இங்கே தட்டுங்கள்" என்று இப்படி ஒரு இணைப்பு வந்தால், திரைக்கு வெளியே கூப்பிடுகிறார்கள் என்று பொருள். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், போட்ட பணம் இரட்டிக்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் ஆளை வெளியே இழுக்கிறார்கள்.

சிக்கல் முழுவதும் இரண்டாவது இணைப்பில் இருக்கிறது. chat.whatsapp.com என்பது குழுவாகவும் இருக்கலாம், கம்யூனிட்டியாகவும் இருக்கலாம். இணைப்பைத் திறந்ததும் பெயரும் விவரமும் ஒரு சிறு அட்டையில் வரும். அந்த அட்டையைப் பார்ப்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது. சேர்வதற்கான பொத்தானை அழுத்துவதுதான் எல்லை.

குழுவாக இருந்தால் கணக்கு எளிது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். உள்ளே வரும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். புகைப்படத்தை மறைத்து வைத்திருந்தாலும், ஒரு சொல்கூடப் பேசாவிட்டாலும் தெரியும். சேமிக்காத எண்களின் பக்கத்தில் நீங்களே வைத்துக்கொண்ட பெயரும் வரும். எண்ணும் பெயரும் "பலெர்மோ தமிழர்" என்ற குழுத் தலைப்பும் ஓரிடத்தில் சேர்ந்தால், ஏமாற்றுக்காரருக்கு வேறென்ன வேண்டும்? இத்தாலியில் சில ஆண்டுகளாகவே "உங்கள் சுயவிவரம் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்" என்று பதிவுக்குரலில் வரும் அழைப்புகள் சாதாரணமாகிவிட்டன. "அம்மா, என் போன் உடைந்துவிட்டது, இது புது எண்" என்ற செய்தியும் அப்படித்தான். பெயரும் ஊர்க்காரர் என்ற விவரமும் தெரிந்தவன் அதே செய்தியைத் தமிழில் எழுதுவான்.

2020 பிப்ரவரியில் இது வேறு விதமாக வெளிச்சத்துக்கு வந்தது. பொதுத்தளங்களில் யாரோ ஒட்டியிருந்த குழு அழைப்பு இணைப்புகளை கூகுள் தேடலே பட்டியலிட்டுக் காட்டுவதைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். தேடிக் கிடைத்த இணைப்பைத் தட்டி எவரும் உள்ளே போய் எண்களைப் பார்க்க முடிந்தது. பிறகு வாட்ஸ்அப் அந்தப் பக்கங்களைத் தேடலிலிருந்து விலக்கியது. ஆனாலும் ஓர் அழைப்பு இணைப்பு முகநூலில் ஒட்டப்பட்ட பின் அது யாரிடம் போகும் என்பதை அட்மின் கட்டுப்படுத்த முடியாது. பழைய இணைப்பை ரத்துசெய்து புதியதை எடுக்கலாம். உள்ளே ஏற்கெனவே வந்துவிட்டவனை அது வெளியேற்றாது.

கம்யூனிட்டி கொஞ்சம் நுணுக்கமானது. 2022 நவம்பரில் வந்த இந்த ஏற்பாட்டில், பல குழுக்கள் ஒரே கூரையின் கீழ் வருகின்றன. கோயில் நிர்வாகம் ஒன்றைத் தொடங்கினால் திருவிழாக் குழு, தமிழ் வகுப்புக் குழு, அன்னதானக் குழு என்று உள்ளே பிரிக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிவிப்புக் குழு தானாகவே இருக்கும். அதில் அட்மின்கள் மட்டுமே அறிவிப்பு இட முடியும். அக்கா கம்யூனிட்டியில் சேர்ந்தால் இந்த அறிவிப்புப் பகுதிக்குத்தான் முதலில் வருகிறார். அங்கே அவருடைய எண் அட்மின்களுக்கும், அவரை ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டும் தெரியும். கூட இருக்கும் நூற்றுக்கணக்கான மற்றவர்களுக்குத் தெரியாது.

இதுவரை நன்று. அறிவிப்பில் "அன்னதானத்துக்கு உதவ விரும்புவோர் அந்தக் குழுவில் சேருங்கள்" என்று வருகிறது. அக்கா தட்டிச் சேர்கிறார். அந்த உட்குழு சாதாரணக் குழு. அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் எண் இப்போது தெரியும். எல்லோரும் பேசலாம் என்று திறந்துவிடப்படும் பொது அரட்டைக் குழுவும் அப்படியே. "கம்யூனிட்டியில் எண் மறைந்திருக்கும்" என்று கேள்விப்பட்டவர்கள் இடறுவது சரியாக இந்தப் படியில்தான். மறைப்பு அறிவிப்புப் பகுதிக்கு மட்டுமே உரியது, கூரை முழுவதற்கும் அல்ல. பழைய குழு ஒன்றைப் பிற்பாடு கம்யூனிட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்தாலும் அந்தக் குழுவில் தெரிந்துகொண்டிருந்த எண்கள் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

எங்கே நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. மேலே உள்ள பெயரைத் தட்டி உறுப்பினர் பட்டியலுக்குப் போங்கள். முன்பின் தெரியாதவர்களின் எண்கள் வரிசையாக உங்களுக்குத் தெரிந்தால், அவர்களுக்கும் உங்கள் எண் தெரிகிறது. அட்மின்களும் உங்கள் தொடர்புகளும் மட்டும் தெரிந்தால் அறிவிப்புப் பகுதியில் இருக்கிறீர்கள்.

நாமே சேராமல் பிறர் இழுத்துப் போடுவதும் உண்டு. அதைத் தடுக்க Impostazioni, பிறகு Privacy, பிறகு Gruppi என்று போய் I miei contatti என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019-இலிருந்து இருக்கும் அமைப்பு இது. அதன்பின் உங்கள் தொடர்பில் இல்லாதவர் உங்களை நேரே குழுவில் சேர்க்க முடியாது; தனியாக ஓர் அழைப்பு அனுப்பலாம், அதை நீங்கள் மூன்று நாளுக்குள் ஏற்காவிட்டால் காலாவதியாகும். ஆனால் நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தில் இழுத்துப் போடுவதை இது தடுக்காது. எங்கள் சனத்தில் நல்லெண்ணத்துக்குப் பஞ்சமே இல்லை.

தவறான குழுவில் சேர்ந்துவிட்டால் சத்தமில்லாமல் வெளியேறலாம், அட்மின்களுக்கு மட்டும் தெரியும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் வெளியேறியவர்களின் பட்டியலை உறுப்பினர்கள் 60 நாள் வரை பார்க்க முடியும். அதற்குள் எவரேனும் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தால் திரும்பப் பெற வழியில்லை. இத்தாலியில் சிம் அட்டை அடையாள ஆவணத்தோடு வாங்கப்பட்டது. வங்கியின் குறியீடும் வேலை கொடுப்பவரின் அழைப்பும் அதே எண்ணுக்குத்தான் வரும். எண்ணை மாற்றுவது என்பது பாதி வாழ்க்கையை மறுபதிவு செய்வது.

வாட்ஸ்அப்புக்குப் பதில் டெலிகிராம் என்றால், அங்கே சேனலைப் பின்தொடர்வோர் பட்டியல் அட்மினுக்கு மட்டும் தெரியும். குழுவிலும் எண்ணை மறைக்கலாம். ஆனால் ஹாங்காங் போராட்டக்காரர்கள் 2019-இல் ஒரு ஓட்டையைச் சுட்டிக்காட்டினார்கள். யாரோ ஒருவர் ஆயிரக்கணக்கான எண்களை வரிசையாகத் தன் முகவரிப் புத்தகத்தில் ஏற்றிவிட்டுக் குழுவுக்குள் வந்தால், எந்த எண் எந்த உறுப்பினருடையது என்று செயலியே பொருத்திக் காட்டிவிடும். எண்ணைப் பார்க்காமலேயே எண் தெரிந்துவிடும். அதனால் அங்கே இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும்: எண்ணை யார் பார்க்கலாம் என்பதற்கு "யாரும் வேண்டாம்", எண்ணைக் கொண்டு யார் கண்டுபிடிக்கலாம் என்பதற்கு "என் தொடர்புகள்". முதலாவதை அப்படி வைத்தால்தான் இரண்டாவது கேள்வியே திரையில் வரும். தாயகத்து அரசியல் பேசும் குழுக்களில் இருப்பவர்களுக்கு இது வெறும் தொழில்நுட்பக் குறிப்பு அல்ல என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நடத்துபவர்களுக்கு. திருவிழா நேரம், வகுப்பு விடுமுறை போன்ற ஒருவழிச் செய்தி மட்டும் என்றால் முன்னூறு பேரைக் குழுவில் அடைத்து வைப்பதற்கு நியாயமே இல்லை. சேனல் தொடங்கி அதன் இணைப்பை மண்டப வாசலில் அச்சிட்டு ஒட்டுங்கள். கேள்வி கேட்க வேண்டுமே என்பார்கள், சரிதான். அதற்குச் சங்கத்துக்கென்று ஒரு தனி சிம் வாங்கி, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இரண்டாவது வாட்ஸ்அப் கணக்காக வைத்துக்கொள்ளலாம். 2023 அக்டோபரிலிருந்து ஒரே செயலியில் இரண்டு கணக்கு வைக்க முடிகிறது. கேட்பவரின் எண் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் போகும். ஆனால் அந்த சிம்மை அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. இத்தாலிய முன்பணச் சிம்கள் ஏறக்குறைய ஓராண்டு ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் செத்துவிடும், எண் பின்னர் வேறொருவருக்குப் போகலாம். சங்கத்துக்கு வரவேண்டிய கேள்விகள் அப்போது அவர் கைப்பேசிக்குப் போகும். ஆண்டுக்கொரு முறை ஐந்து யூரோ ரீசார்ஜ் செய்வதைப் பொருளாளரின் வேலைகளில் ஒன்றாக எழுதிவைப்பது நல்லது.