ரவுட்டரைச் சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது, ஏன்?

தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊரான தேவாரம் போன்ற இடங்களில், கான்கிரீட் வீட்டின் மேல்தளம் பகலில் வாங்கிய வெயிலை மாலைக்குப் பின்னும் அறைக்குள் உமிழ்வதாலும், சூடான காற்று மேலே தேங்குவதாலும், ரவுட்டரைக் கூரையை ஒட்டி மாட்டுவது தவறாகும். வீட்டு ரவுட்டர்கள் பலவும் 40 பாகை செல்சியஸ் வரையான சுற்றுக்காற்றுக்கே வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் சில்லு வேகத்தைக் குறைக்கும், அல்லது கருவியே அணைந்து எழும். வெயில் நேரத்தில் மட்டும் இணைப்பு அறுந்து விடியற்காலையில் சீராக இருந்தால், முதலில் வெப்பத்தையே ஐயுற வேண்டும்.

தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் பொருத்தமானது. அங்கே பீரோ போன்ற இரும்புப் பொருள்கள் அலையை மறிப்பது குறையும், கூரையின் சூடும் தணிந்திருக்கும். மேற்கு வெயில் காயும் சுவரையும் அடுப்படியையும் தவிர்த்து, கருவிக்குப் பின்னே இரண்டு விரற்கடை இடைவெளி தரும் பிராக்கெட்டில், காற்றுத் துளைகள் மேலும் கீழும் அமையுமாறு மாட்டினால், சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழிருந்து தானே நுழையும்.

ரவுட்டரை மாட்டும்போது, அதற்கு ஒளியைச் சுமந்துவரும் கண்ணாடியிழைக் கேபிளைச் சுவர் மூலையில் மடிக்கக் கூடாது. வளைவின் ஆரம் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஒளி இழையிலிருந்து கசிந்து, இணைப்பு நலிந்துவிடக்கூடும்.