வைக்கோல் லோடு: சுரங்கப்பாதையில் நுழையும் முன் உயரத்தை அளந்து பாருங்கள்

கூடலூர், கம்பம் பகுதியில் நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோல் லாரியில் வெளியூர் செல்கிறது. தேனி, ஆண்டிபட்டி பக்கம் போகும்போது ரயில் பாதையின் அடியில் உள்ள சுரங்கப்பாதைகளைக் கடக்க வேண்டியிருக்கலாம்.

சரக்கு லாரிக்கு மோட்டார் வாகன விதி 4 மீட்டர் உயரமும் 2.6 மீட்டர் அகலமும் அனுமதிக்கிறது. ஆனால் பாலத்தின் உயரம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். எனவே சிவப்பு வட்டப் பலகையில் உள்ள எண்ணே உங்களுக்குக் கணக்கு. எண்ணின் மேலும் கீழும் முக்கோணம் இருந்தால் உயரம். இருபுறமும் இருந்தால் அகலம்.

பலகையில் 3.6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 11¾ அடி என்று வைத்துக்கொள்வோம். லாரியின் தளம் தரையிலிருந்து 1.1 மீட்டர், வைக்கோல் 2.4 மீட்டர் என்றால் மொத்தம் 3.5 மீட்டர். 10 சென்டிமீட்டர் இடைவெளி போதும் என்று நினைக்காதீர்கள். பள்ளமான சுரங்கப்பாதையில் முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் நிற்கும்போது லாரியின் நடுப்பகுதி உயர்ந்து, லோடு மேலே இடிக்கும். பிறகு போட்ட தார் அடுக்கும் பாதையின் உயரத்தைக் குறைத்திருக்கும்.

ஆகவே லோடு கட்டி முடித்ததும், சமதரையில் நிறுத்தி, நீளக் கம்பால் மிக உயர்ந்த கட்டின் உச்சியை அளங்கள். பக்கங்களில் பிதுங்கும் கட்டுகளையும் சேர்த்து அகலத்தைப் பாருங்கள். பலகை எண்ணைவிட 30 சென்டிமீட்டராவது குறைவாக இருக்கட்டும். மேற்சொன்ன லாரியில் 20 சென்டிமீட்டர் குறைக்க, மேல் அடுக்கை இறக்க வேண்டும். இல்லையேல் வேறு வழி பாருங்கள்.

சந்தேகம் வந்தால், உதவியாளர் இறங்கி முன்னே நின்று பார்த்துச் சொன்ன பிறகே மெதுவாக நகருங்கள்.