பார்த்து எழுத முடியாத பாடம்



குளுவாங் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே இரண்டாம் படிவ மாணவர்களின் வரலாற்றுத் திரட்டேடுகளைத் திருத்த உட்கார்ந்தோம். தலைப்பு, 'மலாயாவில் ரப்பர்த் தொழிலின் வளர்ச்சி'. நாற்பது திரட்டேடுகள். அவற்றில் பதினொன்றில் ஒரே வாக்கியம், ஒரே இடத்தில், ஒரே பிழையோடு நின்றது. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்த ஆண்டு 1877. பதினொரு பிள்ளைகளும் 1887 என்று எழுதியிருந்தார்கள். விசாரித்துப் பார்த்ததில், யாரோ ஓர் அண்ணன் எப்போதோ எழுதிய திரட்டேடு ஒன்று லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு கைமாறி வந்திருப்பது தெரிந்தது.

பதினொரு பேரையும் நிறுத்திக் கண்டித்தோம். அப்போது அவர்களில் ஒரு பெண் சொன்னாள்: "சார், எங்க தாத்தாகிட்ட கேட்டா ரப்பர் பத்தி நாள் முழுக்கச் சொல்லுவாரு. ஆனா அதை மலாய்ல எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியல. அதான் பார்த்து எழுதிட்டேன்."

அந்தப் பதில் எங்களைச் சிந்திக்க வைத்தது. பிறர் எழுதியதைத் தாம் எழுதியதாகக் காட்டுவது எழுத்துத் திருட்டு. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தோட்டப்புறப் பிள்ளை பல வேளைகளில் சோம்பலினால் பார்த்து எழுதுவதில்லை. செய்தி தமிழில் தெரியும், விடையை மலாயில் எழுத வேண்டும், நடுவில் பாலம் இல்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் கொடுத்த தலைப்புக்கு விடை எல்லாப் புத்தகத்திலும் தயாராகக் கிடந்தது. தயாராகக் கிடக்கும் விடையைக் கேட்டால் தயாராகக் கிடப்பதுதான் வந்து சேரும்.

இது ஒரு பள்ளியின் கதை மட்டும் அன்று. 2013 வரை நடந்த பி.எம்.ஆர். தேர்வில் வரலாற்றுக்கும் புவியியலுக்கும் மாணவர்கள் வட்டார ஆய்வு செய்து திரட்டேடு எழுத வேண்டியிருந்தது. பிள்ளையைத் தன் ஊரைப் பார்க்க வைக்க வேண்டும் என்பதே நோக்கம், நல்ல நோக்கந்தான். ஆனால் பல இடங்களில் மதிப்பெண் அட்டையின் அழகுக்கும் ஒட்டிய படங்களுக்கும் போயிற்று. அச்சுக் கடைக்காரருக்கு வியாபாரம் பெருகியது. பிறகு எஸ்.பி.எம். வரலாற்றுப் பாடத்தில் 2013 முதல் சில ஆண்டுகள் மூன்றாம் தாள் என்று ஒன்று இருந்தது. தலைப்பை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், தேர்வு மண்டபத்துக்குப் புத்தகமும் குறிப்பும் கொண்டு போகலாம். மனப்பாடத்தை ஒழிக்க வந்த ஏற்பாடு அது. ஆனால் நாடு முழுமைக்கும் ஒரே தலைப்பு என்பதால், அதற்கு எழுதிவைத்த கட்டுரைகள் உடனே உலவத் தொடங்கின. கேள்வி எல்லோருக்கும் ஒன்றானால் விடையும் எல்லோருக்கும் ஒன்றாகவே செய்யப்படும்.

அதனால் அடுத்த ஆண்டு நாங்கள் இடுபணியின் கேள்வியையே மாற்றினோம். 'ரப்பர்த் தொழிலின் வளர்ச்சி' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, இப்படிக் கேட்டோம்: 'உன் குடும்பம் வாழும் தோட்டம் அல்லது முன்பு வாழ்ந்த தோட்டம் எந்த ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது? எவ்வளவு தூரம்? பாலும் ஷீட்டும் எப்படி வெளியே போயின? இரண்டு பெரியவர்களைக் கேட்டு எழுது.'

இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை போட்டு முடித்தது 1909-இல். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என்று அந்தப் பாதை ஓடும் ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. இந்தச் செய்தி புத்தகத்தில் கிடைக்கும். ஆனால் 'எங்கள் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், யார் ஓட்டிய லாரி, மழையில் எந்த மண் பாதை முடங்கிப் போகும்' என்பது எந்தப் புத்தகத்திலும் இராது. அண்ணனுடைய திரட்டேடு பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு இனி உதவாது.

கேள்வியை மாற்றியதோடு நிற்கவில்லை. முன்பெல்லாம் கடைசி நாளில் ஒரே ஒரு முறை ஏட்டை வாங்குவோம். அது பெரிய தவறு. கடைசி இரவில் கையில் ஒன்றும் இல்லாத பிள்ளை வேறு என்ன செய்யும்? எனவே ஐந்து வாரத்தைப் பிரித்தோம். முதல் வாரம், யாரைக் கேட்கப் போகிறேன், என்ன ஐந்து கேள்வி என்பது மட்டும். மூன்றாம் வாரம், குறிப்புப் புத்தகம். நான்காம் வாரம், அடித்தல் திருத்தலோடு முதல் வரைவு. ஐந்தாம் வாரம் கட்டுரை.

குறிப்புப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நேர்மைப் பழக்கம் உண்டாகிற இடம் அதுதான். சாதாரணப் பள்ளிப் புத்தகம் ஒன்றில் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், என்ன சொன்னார்கள் என்பது. வலப்பக்கம், யார் சொன்னார், எந்தத் தேதி, எங்கே வைத்துச் சொன்னார், அவர் நேரில் பார்த்ததா அல்லது பிறர் சொல்லக் கேட்டதா என்பது. புத்தகத்திலிருந்து எடுத்தால் புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும். குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம் என்று விட்டோம். பாட்டி பேசிய பேச்சைப் பேசியபடியே எழுதலாம். மலாய் வரைவு தப்பும் தவறுமாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டு, மொழியை நான்காம் வாரத்தில் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம். பாலம் இல்லை என்றார்களே, அந்தப் பாலம் இந்த ஒரு வாரந்தான்.

மதிப்பெண்ணையும் அதற்கேற்பப் பிரித்தோம். நூற்றுக்கு முப்பது குறிப்புப் புத்தகத்துக்கு, இருபது வரைவுக்கு, முப்பது கட்டுரைக்கு, இருபது வாய்மொழிக் கேள்விக்கு. அட்டைக்கு ஒன்றுமில்லை. (சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. ஏற்கெனவே அச்சுக் கடைக்குப் பணம் கொடுத்துவிட்டார்கள்!)

இனி, பார்த்து எழுதுவது எது, எடுத்து எழுதுவது எது என்பதில் பிள்ளைகளுக்கு வரும் குழப்பத்தைப் பார்ப்போம். பாடநூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: '1909-இல் ஜொகூர் ரயில் பாதை நிறைவுற்றதும், பாதையை ஒட்டிய காடுகள் விரைந்து ரப்பர்த் தோட்டங்களாயின.' ஒரு பிள்ளை இதை, '1909-இல் ஜொகூர் புகைவண்டிப் பாதை முடிவடைந்ததும், பாதை ஓரக் காடுகள் வேகமாக ரப்பர்த் தோட்டங்களாக மாறின' என்று எழுதுகிறது. சொற்களை மாற்றிவிட்டேன், இனி இது என்னுடையது என்று நம்புகிறது. அப்படி அன்று. வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது, சட்டை மட்டுமே வேறு. எங்கிருந்து எடுத்தது என்றும் சொல்லவில்லை.

இன்னொரு பிள்ளை இப்படி எழுதியது: 'எங்கள் தோட்டத்திலிருந்து ரெங்கம் ஸ்டேஷனுக்கு ஏழு கிலோமீட்டர். அப்பாவின் மோட்டார் சைக்கிள் மீட்டரில் பார்த்தேன். ஷீட் லாரியில் ஸ்டேஷனுக்குப் போகும் என்று தாத்தா சொன்னார். ரயில் பாதை 1909-இல் முடிந்தது, அதன் பிறகு தோட்டங்கள் பெருகின என்று பாடநூல் சொல்கிறது. எங்கள் தோட்டமும் அதனால்தான் இங்கே வந்தது என்று நினைக்கிறேன்.' இதில் தான் அளந்தது ஒன்று, தாத்தா சொன்னது ஒன்று, புத்தகம் சொன்னது ஒன்று, தான் நினைப்பது ஒன்று. நான்கும் தனித்தனியாகத் தெரிகின்றன. இந்தப் பிள்ளையும் புத்தகத்திலிருந்து எடுத்துத்தான் இருக்கிறது, ஆனால் திருடவில்லை.

கடைசியில் வாய்மொழிக் கேள்வி. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம், நாற்பது பேருக்கு 120 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளை மூன்று போதும். குறிப்புப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, "இதைச் சொன்னபோது தாத்தா எங்கே உட்கார்ந்திருந்தார்? நீ அடுத்து என்ன கேட்டாய்?" என்று கேட்போம், அவ்வளவுதான். கேட்டு எழுதிய பிள்ளை மூன்று நிமிடத்தில் நிறுத்தாது. இட்டுக்கட்டிய பிள்ளை கட்டுரையில் எழுதியதையே திரும்ப ஒப்பிக்கும்.

ஏனென்றால், இந்த முறையிலும் ஏமாற்ற வழி இருந்தது. பார்த்து எழுத முடியாதபோது சிலர் பேட்டியையே கற்பனை செய்தார்கள். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. கற்பனைத் தாத்தாக்கள் ஆண்டுக் கணக்கைச் சரியாகச் சொல்வார்கள், ஒருவரோடு ஒருவர் முற்றும் ஒத்துப்போவார்கள். உண்மையான தாத்தா அப்படிப் பேசமாட்டார். "சின்னவன் பொறந்த வருஷம்", "பால் மரத்தை வெட்டிட்டுச் செம்பனை போட்டப்போ", "கோத்தா திங்கி வெள்ளத்துக்கு முந்தி" என்பார். கோத்தா திங்கியில் பெருவெள்ளம் வந்தது 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் என்று பிள்ளை வேறிடத்தில் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டு பெரியவர்கள் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மறைத்துக் கதையை அழகாக்கினால் மதிப்பெண் குறையும். சயாம் மரண ரயிலைப் பற்றி இன்று சொல்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் தகப்பனார் சொல்லக் கேட்டவர்கள். அதையும் வலப்பக்கத்தில் குறிக்கத்தான் அந்த இடம்.

பெரியவர் இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? தோட்டம் வீடமைப்பு மனைகளாகி, குடும்பம் நகரத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்டிருந்தால்? அப்படிப்பட்டவர்களுக்குப் பொருளைக் கேட்டோம். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, கோயில் மணியில் பொறித்த உபயக்காரர் பெயர், இடுகாட்டுக் கல். அதைப் பார்த்து அப்படியே எழுதி, அதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று ஒரு பக்கம்.

வீட்டில் இருக்கும் உங்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. பிள்ளை கேட்டால் பதில் சொல்லுங்கள், ஆனால் பேனாவை வாங்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், அதுவும் ஏட்டில் போகும். வெளியே சொல்ல விரும்பாத குடும்பச் செய்தி என்றால் "இதை எழுதாதே" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பெயர் வேண்டாம் என்றால் 'பால் வெட்டிய ஒரு பாட்டி' என்று மட்டும் எழுதினால் போதும்.

முதலில் சொன்ன அந்தப் பெண்ணின் புத்தகத்துக்கு வருவோம். அவள் தாத்தா, ஷீட் லாரிக்கு முன்னால் மாட்டு வண்டிதான் என்று சொல்லியிருந்தார். அதே லயத்தில் இன்னொரு பெரியவரோ, நான் பார்த்த நாள் முதல் லாரிதான் என்றார். அவள் இரண்டையும் எழுதி, வலப்பக்கத்தில் தாத்தாவுக்கு எதிரே, 'அவர் நேரில் பார்த்தாரா என்று கேட்க மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும்' என்று குறித்திருந்தாள். அதன் கீழே வேறு மையில் ஒரு வரி: 'கேட்டேன். அவருடைய அப்பா சொன்னதாம்.'