சாம்பிள் காட்ட ஒரு கடிதம்

ஈரோட்டில் ஆறு மெஷின் வைத்து நைட்டி தைப்பவர், மொத்த வியாபாரியிடம் "எப்போது வரலாம்?" என்று மட்டும் எழுதிக் கேட்டால் பதில் வருவது அபூர்வம். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை. அதைத் தவிர்த்து நாளை நாமே சொல்ல வேண்டும்.

"ஐயா, வணக்கம். காட்டன் நைட்டியில் நான்கு மாடல் தைத்திருக்கிறோம். வாரம் 300 பீஸ் கொடுக்க முடியும். வியாழன் காலை 11 மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் சாம்பிளோடு வருகிறேன்."

அந்த 300 முக்கியம். மெஷினுக்கு நாளுக்குப் பத்து என்றால் ஆறு நாளில் 360 வரும். கரண்ட் போவதும் ஆள் வராததும் கழித்த கணக்கு இது. கூட்டி எழுதினால் முதல் ஆர்டரிலேயே தேதி தவறும். போகும்போது ஒரு பீஸைத் துவைத்துக் கொண்டுபோங்கள். சாயமும் சுருக்கமும் அதில்தான் தெரியும்.